வாடகையில் கழிக்கலாமா? ஒழுகும் தளமும் ஒரு கடிதமும்

சென்னையில் இருபத்தைந்து, முப்பது ஆண்டுக்கு முன் கட்டிய தனிவீடுகளின் மாடிப் போர்ஷனில் குடியிருப்பவர்களுக்கு இந்தப் பிரச்சினை புதிதல்ல. ஐப்பசி மழையில் படுக்கையறைக் கூரையில் பழுப்பு நிறத்தில் ஒரு திட்டு தெரியும். அடுத்த ஆண்டு அந்த இடத்தில் பூச்சு உப்பும். அதற்கடுத்த ஆண்டு ஒரு நாள் இரவில் கட்டியாக விழும். விழுந்த இடத்தில் துருப்பிடித்த கம்பி தெரியும். வீட்டு உரிமையாளரிடம் சொன்னால், “பார்க்கலாம்”, “மழை முடியட்டும்”, “நீங்களே ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், அப்புறம் பேசிக்கொள்ளலாம்” என்று மூன்றில் ஒரு பதில் வரும். மூன்றாவது பதில்தான் பின்னால் பெரிய தகராறாகிறது. குடியிருப்பவர் நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் செலவழித்துவிட்டு வாடகையில் கழிக்கத் தொடங்கும்போது, அப்படிப் பேசியதாகவே உரிமையாளருக்கு நினைவிருக்காது.

இப்படிப்பட்ட பெரிய பழுதுச் செலவை வாடகையில் கழித்துக்கொள்ளக் கேட்கும் கடிதத்தைப் பற்றியது இந்தக் கட்டுரை. மதிப்பீடுகளையும் படங்களையும் இணைத்து அனுப்பும் வழக்கம் பரவலாகவே இருக்கிறது. ஆனால் பெரும்பாலான கடிதங்களில் அந்த இணைப்புகள் எதையும் நிறுவுவதில்லை. கடிதம் மூன்று விஷயங்களை நிறுவ வேண்டும். பழுது உரிமையாளரின் பொறுப்பில் வருவது. அவருக்கு எழுத்தில் தெரிவித்து அவகாசம் கொடுத்தது. கேட்கும் தொகை நியாயமானது. இந்த மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும், கழித்த தொகை சட்டத்தின் கண்ணில் வாடகைப் பாக்கியாகத் தெரியும்.

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்திலேயே இதற்கு இடம் இருக்கிறது. அதன் 108ஆம் பிரிவு இப்படிச் சொல்கிறது: உரிமையாளர் தாம் செய்யக் கடமைப்பட்ட பழுதுபார்ப்பை, அறிவிப்புக் கிடைத்து நியாயமான காலத்துக்குள் செய்யாவிட்டால், குடியிருப்பவர் தாமே செய்து, செலவை வட்டியோடு வாடகையில் கழித்துக்கொள்ளலாம். படிக்கத் தெளிவாக இருந்தாலும் ‘கடமைப்பட்ட’ என்ற இடத்தில் சிக்கல் இருந்தது. எந்தப் பழுதை யார் செய்ய வேண்டும் என்று அந்தச் சட்டம் பட்டியல் தரவில்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் உண்டு, எழுதாவிட்டால் வாதம்தான். பின்னர் வந்த 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் குடியிருப்பவரே முடிவெடுத்துக் கழிக்க விடவில்லை. வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் மனுப் போட்டு, அவர் உத்தரவு வாங்கித்தான் செய்ய முடியும்.

இந்த நிலையை மாற்றியது 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த இந்தச் சட்டம் நகர்ப்புறங்களுக்குப் பொருந்தும். இதன் இரண்டாவது அட்டவணையில் வேலைகள் பிரித்துக் கொடுக்கப்பட்டுள்ளன. கட்டமைப்புச் சார்ந்த பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு வண்ணம் பூசுவது, தேவைப்படும்போது குழாய் மாற்றுவது, மின்கம்பி இணைப்புகளைச் சரிசெய்வது எல்லாம் உரிமையாளர் பங்கு. குழாய்க்கு வாஷர் போடுவது, வடிகால் அடைப்பு எடுப்பது, சுவிட்ச், பிளக் பாயிண்ட், பூட்டு, ஜன்னல் கண்ணாடி மாற்றுவது எல்லாம் குடியிருப்பவர் பங்கு. குடியிருப்பவரே சேதப்படுத்திய கட்டமைப்பு மட்டும் உரிமையாளர் தலையில் விழாது.

சட்டத்தின் 15ஆம் பிரிவு அடுத்த படிக்குப் போகிறது. உரிமையாளர் தம் பங்கு வேலையைச் செய்யத் தவறினாலோ மறுத்தாலோ, குடியிருப்பவர் செய்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் எந்த மாதத்திலும் அந்த மாத வாடகையில் பாதிக்கு மேல் கழிக்கக் கூடாது. இந்தப் பாதி என்ற வரம்பைத் தெரியாமல்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். செலவு ஐம்பதாயிரம், வாடகை பதினெட்டாயிரம், ஆகவே மூன்று மாதம் வாடகையே தர வேண்டாம் என்று அவர்கள் கணக்குப் போடுகிறார்கள். அதே சட்டத்தில் இரண்டு மாத வாடகைப் பாக்கி, வீட்டைக் காலிசெய்யக் கோருவதற்கான காரணங்களில் ஒன்றாக இருக்கிறது. செலவைக் கழிக்க உரிமை உண்டு என்பதால் வாடகையையே நிறுத்த உரிமை வந்துவிடாது.

ஒன்றை முதலில் பார்த்துவிட வேண்டும். அட்டவணையில் உள்ள பிரிவினை, எழுத்து ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாதவரைதான். ‘எல்லாப் பழுதும் வாடகைதாரர் பொறுப்பு’ என்ற வரி உங்கள் ஒப்பந்தத்தில் இருந்தால், கடிதம் உரிமையைப் பேசுவதை விட்டு வேண்டுகோளாகவே இருக்க வேண்டும். ‘சிறு பழுதுகள்’ என்று மட்டும் இருந்தால், தளம் ஒழுகுவது அதில் சேராது.

இனி ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு கணக்கோடு பார்க்கலாம். தொகைகள் விளக்கத்துக்காகப் போட்டவை. சதுர அடி விலை ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். முதல் மாடியில் இரண்டு படுக்கையறை வீடு, மாத வாடகை 18,000 ரூபாய். படுக்கையறைக் கூரையில் சுமார் 40 சதுர அடிக்குப் பூச்சும் கான்கிரீட்டும் விழுந்து, கம்பி தெரிகிறது. மேலே மொட்டை மாடி. அதில் தட்டோடு பதித்த தளம்.

குடியிருப்பவர் கண்ணுக்குப் படுவது கூரை. ஆனால் பழுது அங்கே தொடங்குவதில்லை. சென்னைப் பக்கத்து மாடிகளில் கான்கிரீட் தளத்தின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கெட்டித்து, அதற்கு மேல் தட்டோடு பதிப்பது நெடுநாள் வழக்கம். வெயிலில் விரிந்து மழையில் சுருங்கி, ஓடுகளுக்கு இடையிலான இணைப்புச் சாந்து பத்து, பதினைந்து ஆண்டில் விட்டுப்போகும். அந்த இடுக்கில் இறங்கும் நீர் ஜல்லிக் கலவைக்குள் தேங்கி, மெல்லக் கான்கிரீட்டுக்குள் போகிறது. கம்பி துருப்பிடிக்கிறது. துரு, அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பது. அந்த அழுத்தத்தில்தான் கம்பிக்குக் கீழே உள்ள கான்கிரீட் விரிசல் விட்டு விழுகிறது. ஆகவே கீழே பூசிவிட்டு மேலே விட்டுவிட்டால் அடுத்த மழையில் மறுபடி விழும். மேலே மட்டும் சரிசெய்தால், ஏற்கெனவே துருப்பிடித்த கம்பி உள்ளே இருந்தபடி வேலையைத் தொடரும்.

நல்ல மதிப்பீடு எது என்பது இங்கேதான் தெரிகிறது. மூன்று மேஸ்திரிகளிடம் கேட்டதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் 19,500 என்கிறார். இன்னொருவர் 44,000. மூன்றாமவர் 51,000. உரிமையாளர் மூன்றையும் பார்த்தால் முதல் தாளைத்தான் கையில் எடுப்பார். யாராக இருந்தாலும் அப்படித்தான். ஆனால் அந்தத் தாளில் இருப்பது ‘சீலிங் பேட்ச் வொர்க், பட்டி, பெயிண்ட்’ என்ற ஒரே வரி. துரு தேய்ப்பதும் மொட்டை மாடியும் அதில் இல்லை. சிமெண்ட் சாந்தைத் துருப்பிடித்த கம்பிமேல் அப்பிவிட்டுப் போகும் வேலை அது.

44,000 ரூபாய்த் தாள் வேறு மாதிரி இருக்கும். கூரையில் 40 சதுர அடி, சதுர அடிக்கு 350 வீதம் 14,000. இதில் தளர்ந்த கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்புறம் தெரியும்வரை கொத்தி எடுப்பது, கம்பி பிரஷால் துருவைத் தேய்ப்பது, துருத்தடுப்புப் பூச்சு, பழைய கான்கிரீட்டோடு புதியது பிடிப்பதற்கான கலவை, பாலிமர் சேர்த்த சாந்தை மெல்லிய அடுக்குகளாக ஏற்றுவது, தண்ணீர் தெளித்துப் பதப்படுத்துவது எல்லாம் தனித்தனியாகச் சொல்லியிருக்கும். மொட்டை மாடியில் 240 சதுர அடிக்கு 110 வீதம் 26,400. அதில் விட்டுப்போன இணைப்புகளைக் கீறி எடுத்து நீர்புகாத கலவையால் நிரப்புவதும், உடைந்த ஓடுகளை மாற்றுவதும், கைப்பிடிச் சுவர் ஓரத்தை அடைப்பதும் அடங்கும். சாரமும் குப்பை அள்ளுவதும் சேர்த்து 3,600. கூட்டினால் 44,000.

51,000 ரூபாய்த் தாள் இதே வேலையைக் கொஞ்சம் கூடுதல் விலையில் சொல்லியிருந்தால் அதையும் கட்டாயம் இணைக்க வேண்டும். 44,000 சந்தை விலைதான் என்பதற்கு அதுதான் சாட்சி. 19,500 ரூபாய்த் தாளையும் மறைக்கக் கூடாது. மறைத்தால், உரிமையாளர் தாமே ஒரு மேஸ்திரியைக் கூப்பிட்டு அதே தொகையை வாங்கி வருவார். பிறகு உங்கள் 44,000 அவருக்குக் கொள்ளையாகத் தெரியும். இணைத்து, அதில் எந்த வேலைகள் இல்லை என்று ஒரு வரியில் சொல்லிவிடுவதே நல்லது. மூன்று தாளும் ஒரே அளவை, ஒரே வேலைப் பட்டியலை வைத்துக் கேட்கப்பட்டிருந்தால்தான் ஒப்பிடவும் முடியும். வீட்டுக்கே வராமல் போனில் சொன்ன தொகைக்கு மதிப்பில்லை. தாளில் தேதி, முகவரி, எடுத்த அளவு, எழுதியவர் கையெழுத்து வேண்டும்.

கம்பி பாதிக்குப் பாதி தேய்ந்திருந்தாலோ, பீமில் நீளவாக்கில் விரிசல் இருந்தாலோ, மேஸ்திரி மதிப்பீடு போதாது. கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டி, அவர் எழுதித் தரும் குறிப்பை இணைக்க வேண்டும். அந்த நிலையில் உள்ள தளத்தில், ஒழுகும் இடம் கண்டுபிடிப்பதற்காக வடிகுழாயைச் சாக்கால் அடைத்துத் தண்ணீர் தேக்கிப் பார்க்கும் சோதனையைச் செய்யவே கூடாது. தேங்கும் நீரின் எடையே ஆபத்து.

படங்களுக்கு வருவோம். நாற்பது படம் அனுப்புவதால் கடிதம் வலுவடையாது. ஏழெட்டுப் போதும், ஆனால் ஒவ்வொன்றும் மதிப்பீட்டின் ஒரு வரியோடு இணைய வேண்டும். முதலில் அறை முழுவதும் தெரிய ஒரு படம். விழுந்த இடம் எந்த மூலை என்று உரிமையாளருக்குப் புரிய வேண்டும், அது அவர் வீடு. பிறகு விழுந்த இடத்தின் கிட்டத்துப் படம், பக்கத்தில் அளவு நாடாவோடு. கம்பியின் துரு தெரிய ஒன்று. தரையில் விழுந்த கட்டி, அதைப் பெருக்குவதற்கு முன். மேலே போய், அறைக்கு நேர் மேலே உள்ள தளப்பகுதி. இணைப்பு விட்டுப்போன ஓடுகள் கிட்டத்தில். படத்துக்கு எண் போட்டு, மதிப்பீட்டின் வரிக்கு எதிரே அந்த எண்ணை எழுதிவிட்டால் வாதம் பாதி குறையும். ‘கம்பி துரு நீக்கம் – படம் 3’ என்று இருக்கும்போது, அந்த வேலை தேவையா என்ற கேள்வி எழாது.

படங்களை வாட்ஸப்பில் அனுப்பும்போது படம் சுருங்கும். எடுத்த தேதி, நேரம் போன்ற உட்தகவலும் போய்விடும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் அவை நிற்கும். எப்படி அனுப்பினாலும் மூலப்படத்தைப் போனிலிருந்து அழிக்கக் கூடாது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி, மின்னணுப் பதிவைச் சாட்சியமாக வைக்கச் சான்றிதழ் தேவை. மூலக்கோப்பு உங்களிடம் இருந்தால் அதைத் தருவது எளிது.

இவையெல்லாம் கையில் வந்தபின் கடிதம் சின்னதாகவே இருக்கலாம். மேலே சொன்ன வீட்டுக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் வீட்டின் முதல் மாடியில் மாதம் 18,000 ரூபாய் வாடகைக்குக் குடியிருந்து வருகிறேன். இந்த மாதம் வரை வாடகை பாக்கி இல்லை.

தெற்குப் படுக்கையறையின் கூரையில் சுமார் 40 சதுர அடிக்குக் கான்கிரீட் விழுந்து கம்பி தெரிவதைச் சென்ற நவம்பரில் தங்களிடம் நேரில் சொன்னேன். மார்ச் 2 அன்று மேலும் ஒரு பகுதி விழுந்தது. அந்த அறையை இப்போது பூட்டி வைத்திருக்கிறோம். மொட்டை மாடித் தளத்தின் வழியே நீர் இறங்குவதே காரணம் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். படங்கள் 1 முதல் 8 வரை இணைத்துள்ளேன்.

இந்த வேலையைத் தாங்களே ஆள் வைத்துச் செய்து தந்தால் மிகவும் நல்லது. எந்த நாளில் வந்தாலும் வீட்டைத் திறந்து விடுகிறேன். தங்களுக்கு வசதிப்படாவிட்டால், நானே செய்து முடித்து, செலவை வாடகையில் மாதத் தவணையாகக் கழித்துக்கொள்ள எழுத்தில் சம்மதம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். மூன்று மதிப்பீடுகள் இணைத்துள்ளேன். இரண்டாவது மதிப்பீடு 44,000 ரூபாய். காரணம், விளைவு இரண்டையும் சரிசெய்வது அதில் அடங்கும். முதலாவதில் மொட்டை மாடி வேலையும் துரு நீக்கமும் இல்லை.

ஏப்ரல் 5ஆம் தேதிக்குள் தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன். வேலை முடிந்ததும் ரசீதுகளையும் வேலைக்குப் பிந்தைய படங்களையும் தருவேன்.”

குறைகள் எல்லாவற்றையும் இதில் கொட்டவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சமையலறைக் குழாய் சொட்டுவது, பாத்ரூம் தாழ்ப்பாள் விழாதது இரண்டும் குடியிருப்பவர் பங்கு. அவற்றையும் சேர்த்து எழுதினால் பெரிய விஷயம் சில்லறைப் புகாரோடு புகாராகிவிடும். ‘சட்டப்படி நடவடிக்கை’ என்ற சொல்லும் முதல் கடிதத்துக்குத் தேவையில்லை. முதலில் உரிமையாளரே செய்யட்டும் என்று கேட்டது மரியாதைக்காக மட்டும் அல்ல. அவருக்கு வாய்ப்புக் கொடுத்தோம், அவர் தவறினார் என்பதுதான் கழிக்கும் உரிமையின் அடிப்படை. அந்த வாய்ப்பைக் கொடுக்காமல் வேலையை முடித்துவிட்டுப் பில்லை நீட்டுகிறவருக்குச் சட்டம் துணைக்கு வராது.

கடிதத்தை ஒப்புகையோடு தபாலில் அனுப்ப வேண்டும். 2025இல் பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டதால், விரைவுத் தபாலிலேயே அனுப்பலாம். அதே நாளில் வாட்ஸப்பிலும் ஒரு பிரதி போகட்டும். ‘சரி, செஞ்சுக்கோங்க’ என்று அதில் வரும் ஒரு வரிப் பதிலும் எழுத்துச் சம்மதம்தான். ஆனால் தொகை, மாதத் தவணை, எந்த மாதம் தொடக்கம் ஆகியவற்றை நீங்கள் எழுதி, அதற்கு அவர் ‘சரி’ சொல்வதுதான் பாதுகாப்பு.

சம்மதம் வந்தபின் கழிக்கும் முறை. 18,000இல் பாதி 9,000. நான்கு மாதம் 9,000 வீதம் 36,000, ஐந்தாம் மாதம் 8,000, 44,000 முடிந்தது. ஐந்தாம் மாதம் உரிமையாளர் கைக்குப் போவது 10,000. பாதி என்பது சட்டம் வைத்த உச்சவரம்பு. அதுவரை கழித்தே ஆக வேண்டும் என்பதில்லை. வாடகையை நம்பி வாழும் ஓய்வுபெற்றவராக உரிமையாளர் இருந்தால், ஐந்து மாதம் பாதி வருமானம் என்பது மருந்துச் செலவில் கை வைப்பது. மாதம் 5,500 வீதம் எட்டு மாதம் என்று நீங்களே கேட்டால் சம்மதம் விரைவில் கிடைக்கும். 1882 சட்டம் தரும் வட்டியையும் நான் கேட்கச் சொல்ல மாட்டேன். சில நூறு ரூபாய்க்காக நல்லுறவு கெட வேண்டாம். ஒப்பந்தம் முடிய எட்டு மாதம் இல்லையென்றால், மிச்சத் தொகை அட்வான்ஸோடு சேர்த்துத் திருப்பித் தரப்படும் என்று அப்போதே எழுதி வாங்க வேண்டும்.

மாதாமாதம் வாங்கும் ரசீதில் வாடகை 18,000 என்று முழுதாக இருக்க வேண்டும். கீழே ‘வங்கி வழி 9,000, பழுதுச் செலவில் சரிக்கட்டியது 9,000, மீதி 35,000’ என்று பிரித்திருக்க வேண்டும். வெறும் 9,000க்கு ரசீது வாங்கினால், பின்னாளில் மற்ற 9,000 பாக்கி என்று சொல்ல இடம் கொடுக்கிறீர்கள். அலுவலகத்தில் வீட்டு வாடகைப்படிக்காகக் காட்டும் ரசீதும் இதுதான். உரிமையாளர் ரசீது தராவிட்டால், வங்கிப் பரிமாற்றம் செய்யும்போது அதே கணக்கைக் குறுஞ்செய்தியாக அனுப்பி வைக்கலாம்.

பதிலே வராவிட்டால்? நியாயமான காலம் எத்தனை நாள் என்று சட்டம் சொல்லவில்லை. உயிருக்கு ஆபத்தில்லாத வேலைக்கு முப்பது நாள், நினைவூட்டலுக்கு இன்னும் பதினைந்து நாள் என்பது யாரும் குறைசொல்ல முடியாத அவகாசம் என்பது என் கருத்து. அதன்பின் வேலையைச் செய்து, பாதி வரம்புக்குள் கழிக்கலாம். ஒவ்வொரு மாதமும் மீதி வாடகை தவறாமல் போக வேண்டும். அந்த மீதியை உரிமையாளர் வாங்க மறுத்தால், கையில் வைத்திருக்கக் கூடாது. அதை வாடகை அதிகார அமைப்பிடம் செலுத்த வழி இருக்கிறது. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி அதன் பொறுப்பில் இருப்பார். உரிமையாளர் எழுத்தில் கேட்டும் மறுத்து, வீடு குடியிருக்கவே லாயக்கில்லாமல் போனால், பதினைந்து நாள் எழுத்து அறிவிப்புக் கொடுத்துவிட்டு வெளியேறவும் இந்தச் சட்டம் இடம் தருகிறது. கூரை விழும் வீட்டில் குழந்தைகள் இருந்தால், கழிக்கும் கணக்கைவிட இந்த வழியைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

இங்கே ஒரு பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். 2017 சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, வாடகை அதிகார அமைப்பிடம் பதிவாகியிருக்க வேண்டும். நம் ஊரில் பெரும்பாலானவை முத்திரைத்தாளில் எழுதிய பதினோரு மாத ஒப்பந்தங்கள்; பதிவுக்குப் போவதில்லை. பதிவில்லாத ஒப்பந்தத்தோடு அந்த அமைப்பின் முன் நின்று உரிமை கேட்கும்போது சிக்கல் வரும். அப்படிப்பட்டவர்களுக்கு உரிமையாளரின் எழுத்துச் சம்மதமே பெரிய பாதுகாப்பு. அது இல்லாமல் தாமே கழிக்கத் தொடங்கும் முன் ஒரு வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது.

கடைசியாக, கடிதம் அனுப்பும் காலம். மொட்டை மாடி வேலைக்குக் காய்ந்த தளம் வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். அதற்கு முன்பே மாலை மழைகள் உண்டு. அவகாசம் ஒன்றரை மாதம், வேலை இரண்டு வாரம் என்று பின்னோக்கி எண்ணினால், கூரையில் திட்டு தெரிந்த மழைக்காலம் முடிந்ததும் தை, மாசியிலேயே படம் எடுத்து, மேஸ்திரியை வரவழைத்து, பங்குனிக்குள் கடிதத்தை அனுப்பிவிடுங்கள்.